பத்தாம் திகதியிலிருந்து தீபாவளி வரை

ஹட்டன் டவுனில் ஒரு புடவைக்கடையின் பேஸ்புக், டிக்டொக், வட்ஸ்அப் வேலைகளை நான் பார்க்கிறேன். வருடம் முழுக்க ஏதாவது போட்டுக்கொண்டுதான் இருப்போம். ஆனால் கடையின் வருடத்தைத் தீர்மானிப்பது தீபாவளிக்கு முந்திய ஒரு மாதம். பொங்கலுக்கும் சித்திரைக்கும் துணி எடுப்பவர்கள் உண்டு. லயத்து வீட்டில் தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை அத்தனை பேருக்கும் புது உடுப்பு என்றால் அது தீபாவளிதான். அதனால் அந்த ஒரு மாதத்துக்கு எந்த நாளில் என்ன போடுவது என்ற திட்டத்தை ஓகஸ்ட் கடைசியிலேயே எழுதத் தொடங்கிவிடுவேன்.

கொழும்பு விளம்பர நிறுவனங்கள் இதற்கு ஒரு ஆயத்த அட்டவணை வைத்திருக்கின்றன. பண்டிகை நாளைக் கடைசியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். முப்பதாம் நாள் ஒரு மர்மப் படம், இருபதாம் நாள் புதிய வரவு, பத்தாம் நாள் தள்ளுபடி, கடைசி ஐந்து நாளும் கவுண்ட்டவுன், விடிந்தால் வாழ்த்து. மாதச் சம்பளம் வங்கிக்கு வரும், கையில் கார்ட் இருக்கும் ஊருக்கு அது சரி. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது பொருந்தாது. இங்கே எண்ண வேண்டியது காசு கைக்கு வரும் நாளிலிருந்து.

தோட்டத்தில் போன மாதச் சம்பளம் இந்த மாதம் 10ஆம் திகதிக்குள் கிடைக்கும். அதைத் தவிர தீபாவளி முற்பணம் என்று ஒன்று உண்டு. தோட்ட நிர்வாகம் பண்டிகைக்கு முன் கொடுத்துவிட்டுப் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். சம்பளத் திகதி எல்லாத் தோட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்று. முற்பணத் திகதி அப்படியில்லை. ஒரு தோட்டத்தில் பத்து நாளுக்கு முன்பே கொடுப்பார்கள், பக்கத்துத் தோட்டத்தில் கடைசி மூன்று நாள் வரை இழுபடும். ஆகவே என் முதல் வேலை கெமராவில் இல்லை, போனில். தெரிந்த தலைவர்மார், கணக்கப்பிள்ளைமார், கொழுந்து எடுக்கும் அக்காமார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “முற்பணம் எப்ப போடுறாங்களாம்?” என்று கேட்பேன். தோட்டத்தின் பெயர், டிவிசன், முற்பண நாள், டவுனுக்கு வரும் பஸ் என்று நான்கு பத்தி போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. திட்டம் என்று நான் சொல்வது முக்கால்வாசி அந்தக் கொப்பிதான்.

பண்டிகை ஒன்றாக இருந்தாலும் திட்டம் வருடத்துக்கு வருடம் எவ்வளவு மாறும் என்பதற்குக் கடைசி மூன்று தீபாவளியைப் பாருங்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. சம்பளத்தின் கடைசி நாள் 10, வெள்ளி. காசு கைக்கு வந்து ஒன்றரை நாளில் கடைக்கு வந்து, எடுத்து, வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த வருடம் படம் போட்டு ஆசை காட்டுவதெல்லாம் ஒக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு நாளில் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, வியாழன். சம்பளம் 10ஆம் திகதி வந்துவிட்டது, இடையில் மூன்று வாரம் கிடந்தது. 2025இல் ஒக்டோபர் 20, திங்கள். சம்பளத்துக்கும் பண்டிகைக்கும் இடையே பத்து நாள், அதோடு சனி ஞாயிறு திங்கள் என்று தொடர்ந்து மூன்று நாள் லீவு. வேலை பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல கலண்டர் அமையாது.

மூன்றிலும் கடினமானது 2024தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சம்பளம் மூன்று வாரம் முன்பே வந்துவிட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. 10ஆம் திகதி வந்த காசு அரிசிக்கும் மாவுக்கும் அடகுக்கும் சீட்டுக்கும் போய்விடும். தீபாவளி உடுப்புக்கு நம்பியிருப்பது முற்பணத்தை. அது மாதக் கடைசி வாரத்தில்தான் வரும். அந்தச் செப்டம்பரில்தான் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாவிலிருந்து 1350 ஆகியிருந்தது. சனம் கையில் கூடக் காசு இருக்கும் என்று முதலாளி பட்டுச் சேலையாக இறக்கப் பார்த்தார். எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்பதைப் பொறுத்துத்தான் கைக்கு வருவது அமையும் என்று அவருக்கு விளங்கவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. இன்னொன்று, 31 வியாழக்கிழமை. கொழும்பில் புடவைக்கடை, நகைக்கடை, ஹோட்டல்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குப் புதன் இரவுதான் விடுவார்கள். கோட்டையிலிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஹட்டன் வந்து சேரும்போது கடை மூடியிருக்கும், அல்லது நல்ல உடுப்பு தீர்ந்திருக்கும். அதனால் புறக்கோட்டையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆக ஒரே பக்கத்தில் இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காசு 22ஆம் திகதிக்குப் பிறகு. கொழும்பில் இருக்கும் மகனுக்குக் காசு உண்டு, நேரம் இல்லை. நான் மாதத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒக்டோபர் 10 முதல் 20 வரை போட்டதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு, இரவு ஒன்பதரைக்குப் பிறகு. அவர்கள் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பிட்டு, போனை எடுக்கும் நேரம் அது. “அம்மாவுக்குச் சேலையை இங்கேயே தெரிவு செய்து வையுங்கள், அம்மா டவுனுக்கு வரும்போது எடுத்துக்கொள்வார்” என்பதுதான் அந்தப் பத்து நாளின் ஒரே செய்தி. வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிக் கொஞ்சம் முன்பணம் போட்டால், கடைப் பிள்ளை பெயர் எழுதிய துண்டைக் குத்தி அலுமாரியில் வைத்துவிடும். 21ஆம் திகதிக்குப் பிறகு போட்டவை தோட்டத்துக்கு, மாலை ஆறு மணிக்கு மேல். கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பில் பானை ஏறிய பிறகுதான் பெண்கள் கையில் போன் வரும். காலை பத்து மணிக்கு அழகாக ஒரு வீடியோ போட்டால் அது மலைக்குப் போன ஆளைத் தேடிக்கொண்டு கிடக்கும்.

முன்னோட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு. காசு வருவதற்கு முன் விலை பேசக்கூடாது. கையில் இல்லாதபோது விலையைக் கண்டால் மனம் விட்டுப்போகும், அந்தக் கடை வேண்டாம் என்று முடிவாகிவிடும். அந்த நாட்களில் கேள்விதான் நல்லது. புறக்கோட்டையிலிருந்து வந்த பெட்டியின் கயிற்றை அறுக்கும் பன்னிரண்டு விநாடி வீடியோ, உள்ளே மடிப்பு மட்டும் தெரியும், கீழே பெரிய எழுத்தில் “இந்த முறை அம்மாவுக்கு என்ன கலர்?” அவ்வளவுதான். கீழே வரும் பதில்களை நான் எண்ணிக் குறித்து முதலாளியிடம் கொடுப்பேன். 2024இல் மரூன், கிளிப்பச்சை என்று வந்த பதில்களைப் பார்த்து அவர் இரண்டாம் முறை சரக்கு எடுக்கப் போகும்போது தெரிவை மாற்றினார். அந்த வருடம் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். கலர் கேட்ட இடத்தில் சிலர் கட்சிக் கலர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள், அதை வேறு எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது.

கவுண்ட்டவுன் எண்ணைப் பேஸ்புக்கில் போடவே கூடாது என்பது இன்னொன்று. பேஸ்புக் நாம் போட்ட வரிசைப்படி யாருக்கும் காட்டுவதில்லை. திங்கள் போட்ட “இன்னும் 5 நாட்கள்” படம் பலருக்கு வியாழன்தான் மேலே வரும். அப்போது இரண்டு நாள்தான் மிச்சம். பார்ப்பவர் குழம்புவார், அல்லது பழைய படம் என்று தள்ளிவிடுவார். எனவே அங்கே “ஒக்டோபர் 31, வியாழன்” என்று திகதியும் கிழமையும் மட்டும் எழுதுவேன். எண்ணிக்கையை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பேன், 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் என்பதால் அங்கே பொய்யாகாது. நம் பக்கத்தில் ஸ்டேட்டஸ்தான் பலமும்கூட. ஒரு லயத்தில் நான்கு பேர் நம்பரைச் சேமித்து வைத்திருந்தால் அந்தப் படம் மாலைக்குள் அந்த டிவிசன் முழுக்கச் சுற்றிவிடும். வீடியோ அரை நிமிடத்துக்கு மேல் போகாமல், சின்ன அளவில் சுருக்கி, சத்தமில்லாமல் பார்த்தாலும் புரியும்படி எழுத்தைப் பெரிதாக வைக்க வேண்டும். பள்ளத்து லயங்களில் சிக்னல் இரண்டு கோடுதான். பெரிய வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், டேட்டா போகிறதே என்று மூடிவிடுவார்கள்.

படம் எடுப்பதில் மலைநாட்டுக்கே உரிய சங்கடம் வெளிச்சம். ஒக்டோபரில் காலை வெயில் அடிக்கும், மத்தியானம் கறுத்து இடியோடு மழை. பதினொரு மணிக்குள் எடுத்தது எடுத்ததுதான். மழை வந்ததும் கடைக்குள் டியூப் லைட்டில் எடுத்தால் மரூன் சேலை பழுப்பாகும், கிளிப்பச்சை நீலம் பாயும். வாசலில் பனிமூட்டத்தில் எடுத்தாலும் எல்லா நிறத்திலும் நீலம் ஏறும். நிறம் மாறினால் என்ன என்று கடைக்காரர்கள் நினைப்பார்கள். பொகவந்தலாவையிலிருந்து ஒரு பிள்ளை படத்தைப் போனில் காட்டிக்கொண்டு கடைக்கு வந்து, அதே கலர் இல்லை என்றால் அரைநாள் பேரும் பஸ் காசும் அவளுக்கு நட்டம். நான் செய்வது இதுதான்: கடை வாசலில் காலை வெளிச்சத்தில் சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாள் போன் திரையில் வெள்ளையாகத் தெரியும் வரை வைட் பெலன்ஸைச் சரிசெய்து, அதை அப்படியே பூட்டிவிட்டு மிச்சச் சேலைகளை எடுப்பேன். முதல் படம் மட்டும் தாளோடு இருக்கும். வெளிச்சம் மாறினால் திரும்பத் தாள். பிறகு படத்தில் பூச்சு எதுவும் சேர்ப்பதில்லை. இப்படி எடுத்த படத்தைப் போனில் திறந்து சேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

சத்தத்துக்கு சினிமாப் பாட்டு கிடையாது. வியாபாரக் கணக்குகளுக்கு டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும் படப் பாட்டுகளைப் பெரும்பாலும் திறந்து வைப்பதில்லை. வெளியிலிருந்து ஒட்டிப் போட்டால் வீடியோவின் சத்தத்தை அடைத்துவிடுவார்கள். அதுவும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அடைத்தால் அந்த வீடியோ செத்த மாதிரிதான். அதனால் தோட்டத்துத் தப்புக்காரர்களுக்குக் காசு கொடுத்து நாங்களே அடிக்கவைத்துப் பதிந்துகொண்டோம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். திருவிழாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. டவுனில் வளர்ந்த எடிட்டருக்கு எல்லாம் ஒரே டண்டணக்காதான். பதிந்ததை வெட்டி ஒட்டும்போது எந்தத் துண்டு எங்கே வருகிறது என்று அடித்தவரையே பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். எங்களுக்கு அடித்த பெரியவர் முதல் வெட்டைக் கேட்டுவிட்டு, “இந்த எடத்த எடுத்துருங்க தம்பி, இத கேட்டா கெழவிங்க தலைய அவுத்துருவாங்க” என்றார். எடுத்துவிட்டோம்.

புரட்டாசி பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் புரட்டாசி குறுக்கே வரும். சனிக்கிழமை விரதம், நவராத்திரி, பள்ளிக்கூடத்திலும் தோட்டக் கோயிலிலும் வாணி விழா. 2024இல் ஒக்டோபர் 12 வரை நவராத்திரி ஓடியது. அந்த நாட்களில் ஆட்டுக்கறியும் பட்டாசுமாகப் போட்டால் முகம் சுளிப்பார்கள். ஐப்பசி பிறக்கட்டும் என்று காத்திருப்பது வியாபாரத்துக்கும் நல்லது.

காசு கைக்கு வரும் நேரத்தில்தான் விலை. இதில் எனக்கும் முதலாளிக்கும் வருடாவருடம் வாக்குவாதம். “விலைக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க” என்று போட்டால் நிறையப் பேர் எழுதுவார்கள், பக்கம் சூடாகும் என்பது அவர் கணக்கு. எழுதுவார்கள்தான். ஆனால் வருபவர்கள் குறைவு. நோர்வூட்டில் ஒரு அக்கா என்னிடமே சொன்னார்: “வெலய மறைச்சி வச்சிருக்கான்னா நமக்குன்னு ஒரு வெல சொல்லப்போறான்னுதானே அர்த்தம்.” அதற்குப் பிறகு படத்தின் மேலேயே விலை, கீழே எத்தனை கலர், எந்த அளவு வரை என்று எழுத ஆரம்பித்தோம். குடும்பக் கணக்காகப் போட்டால் இன்னும் நன்றாகப் போகிறது. அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரமும் சட்டையும், இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பு, எல்லாம் சேர்த்து ஒரு தொகை. முற்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவருக்கு அந்த ஒரு எண் போதும். அந்தப் பதிவைத் தோட்டத்தின் முற்பண நாளுக்கு முதல் நாள் மாலை போடுவேன். கொப்பி இங்கேதான் உதவும்.

காசு கொடுத்துப் பூஸ்ட் பண்ணும்போது வரைபடத்தில் ஹட்டனைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லும். அந்த வட்டம் பறவைக்குத்தான் சரி. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டும், ஆனால் அவருடைய பஸ் நாவலப்பிட்டிக்கோ தலவாக்கலைக்கோ போகும், ஹட்டனுக்கு வராது. பஸ் வரும் வழியிலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி.

கடைசி நான்கைந்து நாளில் அழகான படங்களுக்கு வேலை இல்லை. கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த அளவு தீர்ந்துவிட்டது, தைக்கக் கொடுத்தவர்கள் எப்போது வரலாம். இவைதான் அதிகம் பகிரப்படும். மழை கூடி மண்சரிவு எச்சரிக்கை வந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு வீதி நிலைமையை மட்டும் போட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் துக்கம் என்றாலும் அன்றைக்குத் தப்புச் சத்தத்தோடு எதுவும் போகாது. இதையெல்லாம் முன்கூட்டியே முதலாளியோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கல்லாவில் நிற்பவரிடம் அனுமதி கேட்க முடியாது.

பண்டிகை நாள் வேலை முதல் நாள் மாலையே முடிந்திருக்க வேண்டும். அன்று லயங்களில் முன்னோருக்குப் படையல் போடும் நேரம், எங்கள் வீட்டிலும் அதுதான். காலை ஐந்தரைக்கு ஒரு வாழ்த்தை நேரம் குறித்து வைத்துவிட்டுப் போனை ஒதுக்கிவிடுவேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய், பங்குக் கறியை வாங்கி வந்து அடுப்பில் வைக்கும் வரை யாரும் எதையும் பார்ப்பதில்லை. அந்த வாழ்த்தில் விலையோ தள்ளுபடியோ கடைப் போன் நம்பரோ வராது. பத்து மணிக்குப் பிறகு சனமே தங்கள் படங்களை அனுப்பத் தொடங்கும். புதுச் சேலையில் அம்மா, ஒரே துணியில் தைத்த சட்டையோடு மூன்று அண்ணன் தம்பி. அந்தப் படங்கள் ஒரு மாத விளம்பரத்தைவிடப் பெறுமதி. ஆனால் கேட்காமல் ஒன்றையும் போடுவதில்லை. அனுப்பியவர் சரி என்று எழுதியிருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் என்றால் தாயோ தகப்பனோ எழுத வேண்டும். லயத்து வாசலில் எடுத்த படத்தில் பின்னால் ஒழுகும் தகரமும் காயப்போட்ட துணியும் தெரியும். அதை வைத்துக் கேலி எழுத வெளியூர்க்காரர் சிலர் எப்போதும் இருக்கிறார்கள். அதனால் மாலையில் ஒரே தொகுப்பாகப் போட்டு, அன்று இரவு முழுக்க நானே கருத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது 2026. தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஒக்டோபர் மாதச் சம்பளத்தின் கடைசி நாள் நவம்பர் 10. அதாவது பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்து. முன்கூட்டிச் சம்பளம் போடும் தோட்டம் எது, முற்பணத்தை மட்டும் நம்பியிருக்கும் தோட்டம் எது என்று தெரியாமல் இந்த முறை திட்டம் எழுத முடியாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் கடைப் பக்கங்களைப் பார்க்கும் தம்பி தங்கைகள் ஒக்டோபர் முதல் வாரத்திலேயே தோட்டங்களுக்குப் போன் எடுத்துத் திகதிகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டரைப் பிறகு செய்யலாம்.